கவுன்சலிங்குக்கு முன்னால் தரையிறங்கும் பணம்

2020 மார்ச் 23, திங்கட்கிழமை. மும்பையில் சந்தை திறந்த ஒரு மணி நேரத்துக்குள் குறியீடு பத்து சதவிகிதம் விழுந்தது. முக்கால் மணி நேரம் வர்த்தகத்தை நிறுத்தி வைத்தார்கள். மறுபடி திறந்ததும் மேலும் சரிந்து, அன்று ஒரே நாளில் சென்செக்ஸ் 3,935 புள்ளிகளை இழந்து முடிந்தது. தமிழ்நாட்டில் அதற்கு மறுநாள் பிளஸ் டூ மாணவர்களுக்குக் கடைசித் தேர்வு.

அந்தத் தேர்வை எழுதப்போகும் ஒரு பிள்ளையின் அப்பா, கல்லூரிச் செலவுக்கென்று பல வருடங்களாக எஸ்.ஐ.பி கட்டி, ஜனவரி நடுவில் 20 லட்சம் ரூபாய் சேர்த்துவிட்டிருந்தார் என்று வைத்துக்கொள்வோம். முழுப் பணமும் நிஃப்டி இண்டெக்ஸ் ஃபண்டில். ஜனவரி 14 அன்று 12,362 புள்ளியில் இருந்த நிஃப்டி மார்ச் 23 அன்று 7,610. அவருடைய 20 லட்சம் அன்று மாலை சுமார் 12 லட்சத்து 30 ஆயிரம். ஜூன் முதல் தேதி கொஞ்சம் மீண்டு 15 லட்சத்து 90 ஆயிரம். நவம்பரில் பழைய இடத்துக்கே வந்துவிட்டது. ஆனால் கல்லூரிகள் நவம்பர் வரை காத்திருந்து ஃபீஸ் வாங்குவதில்லை.

இத்தனைக்கும் அவர் தப்பான ஃபண்டை வாங்கவில்லை. பதறி விற்கவில்லை. ஒரு மாதம்கூடத் தவணையை விடவில்லை. எப்போது இறங்குவது என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

இறங்குவதற்கு ஒரு முறை உண்டு. முதலீட்டு உலகில் அதற்கு ‘கிளைட் பாத்’ என்று பெயர். விமானத்திலிருந்து வந்த சொல். ஓடுபாதைக்கு மேலே வந்த பிறகு எந்த விமானியும் செங்குத்தாகக் கீழே இறக்குவதில்லை. பல கிலோமீட்டர் தூரத்திலேயே தொடங்கி, சுமார் மூன்று டிகிரி சரிவில் சீராக இறங்கி வருவார். பணத்துக்கும் அதே மாதிரி: இலக்குத் தேதி தூரத்தில் இருக்கும்வரை பங்குச்சந்தையில் பறக்கலாம், தேதி நெருங்க நெருங்க ஈக்விட்டியின் பங்கைக் குறைத்து, கடன் ஃபண்ட், ஃபிக்ஸட் டெபாசிட் போன்றவற்றின் பங்கைக் கூட்டிக்கொண்டே வர வேண்டும். இறங்குபாதை என்று தமிழில் சொன்னால் பொருத்தமாக இருக்கும்.

ஏன் கடைசி வருடங்களுக்கு மட்டும் இவ்வளவு கவனம்? மாதம் 10,000 ரூபாய் கட்டும் ஒருவருக்கு ஆண்டுக்கு 12% வருமானம் சீராகக் கிடைக்கிறது என்று கணக்குக்காக மட்டும் எடுத்துக்கொள்வோம். மூன்று வருடம் முடியும்போது அவர் கையில் சுமார் 4 லட்சத்து 30 ஆயிரம் இருக்கும். அப்போது 2020 போல 38% சரிவு வந்தால் 1 லட்சத்து 64 ஆயிரம் போகும். வலிக்கும், ஆனால் இன்னும் 12 வருடம் இருக்கிறது. மலிவு விலையில் யூனிட்டுகளும் சேரும். அதே சரிவு பதினான்காவது வருட முடிவில் வந்தால்? அப்போது சேர்ந்திருப்பது சுமார் 43 லட்சம். போவது 16 லட்சத்து 40 ஆயிரம். அந்தப் பதினான்கு வருடத்தில் அவர் தன் சம்பளத்திலிருந்து எடுத்துக் கட்டிய மொத்தப் பணமே 16 லட்சத்து 80 ஆயிரம்தான்.

சதவிகிதம் ஒன்றுதான், ரூபாய் பத்து மடங்கு. சரிவு எந்த வருடத்தில் வருகிறது என்பது ஒருவர் கையில் இல்லை. அது வரும்போது எவ்வளவு பணம் அதன் வழியில் கிடக்கிறது என்பது அவர் கையில் இருக்கிறது.

2020 சரிவு சீக்கிரம் மீண்டதால் பலருக்கு ஒரு தப்பான தைரியம் வந்திருக்கிறது. 2008-ஐப் பார்த்தால் அது தெளிந்துவிடும். அந்த ஜனவரியில் 20,873-ல் முடிந்த சென்செக்ஸ் 2009 மார்ச்சில் 8,160-க்கு வந்தது. பழைய உயரத்தை மறுபடி எட்டியது 2010 நவம்பரில். கிட்டத்தட்ட மூன்று வருடம். ஆகவேதான் கடைசி மூன்று வருடத்துக்குத் தேவைப்படும் பணத்தைப் பெரும்பாலும் சந்தைக்கு வெளியே வைக்கச் சொல்கிறார்கள். இறங்கத் தொடங்குவது அதற்கும் இரண்டு மூன்று வருடம் முன்னால்.

ஈரோட்டில் ஒரு தம்பதியைக் கற்பனை செய்துகொள்வோம். மகள் 2026 ஜூனில் ஏழாம் வகுப்புக்குப் போகிறாள். 2032 ஜூனில் கல்லூரி. இதுவரை சேர்ந்தது 24 லட்சம். அதில் 18 லட்சம் ஈக்விட்டி ஃபண்டில், 6 லட்சம் கடன் ஃபண்டில். அதாவது 75-க்கு 25. இவர்கள் ஒரு நோட்டில் ஆறு வரி எழுதி வைக்கிறார்கள்: 2026 ஜூனில் ஈக்விட்டி 75%, 2027-ல் 60, 2028-ல் 45, 2029-ல் 30, 2030-ல் 15, 2031-ல் பூஜ்யம். ஒவ்வொரு ஜூனிலும் பதினைந்து பதினைந்தாகக் குறைகிறது. இது ஒன்றும் வேதவாக்கு இல்லை. சிலர் பத்துப் பத்தாகவும் இறக்குவார்கள். கடைசி வருடம் தொடங்கும்போது பூஜ்யத்துக்கு அருகில் வந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

முதல் வேலை, எதையும் விற்காமலே செய்யக்கூடியது. மாதாமாதம் போகும் 10,000 ரூபாய் எஸ்.ஐ.பியை ஈக்விட்டியிலிருந்து கடன் ஃபண்டுக்குத் திருப்பி விடுகிறார்கள். புதுப் பணம் போகும் திசையை மாற்றினால் வரி கிடையாது, எக்ஸிட் லோடும் கிடையாது. ஆனால் சேர்ந்த தொகை பெரிதாகிவிட்ட பிறகு இது மட்டும் போதாது. விற்றுத்தான் ஆக வேண்டும்.

2027 ஜூன் வருகிறது. அந்த வருடம் சந்தை நன்றாக இருந்து ஈக்விட்டி 15% ஏறியிருந்தால் 18 லட்சம் 20 லட்சத்து 70 ஆயிரமாகியிருக்கும். கடன் ஃபண்டில் 6 லட்சம் 7% வளர்ந்து 6.42 லட்சம், புதிதாகக் கட்டிய 1.2 லட்சம் சேர்த்து 7.62 லட்சம். மொத்தம் 28.32 லட்சம். அதில் 60% என்பது ஏறத்தாழ 17 லட்சம். ஆக, 3 லட்சத்து 70 ஆயிரத்தை ஈக்விட்டியிலிருந்து எடுத்து மாற்ற வேண்டும்.

இந்த இடத்தில்தான் வீட்டில் பேச்சு வரும்.

“ஏங்க, நல்லா ஏறிட்டு இருக்கிறதைப் போய் இப்ப எதுக்கு விக்கறீங்க? இன்னும் ஒரு வருஷம் விட்டா என்ன?”

“விட்டா ஏறலாம். இறங்கவும் செய்யலாம். பாப்பா பன்னெண்டாவது முடிக்கற வருஷம் மட்டும் மாறாது.”

மனைவி கேட்பது நியாயமான கேள்வி. இறங்குபாதையைப் பாதியில் கைவிடுபவர்களில் பெரும்பாலானோர் சந்தை விழும்போது கைவிடுவதில்லை, ஏறும்போதுதான் கைவிடுகிறார்கள். விழுந்த பிறகு அதே ஆட்கள் “ஏறட்டும், அப்புறம் மாத்திக்கலாம்” என்பார்கள். இரண்டு பக்கமும் காரணம் தயாராக இருக்கும். நாட்காட்டி மட்டும் நகர்ந்துகொண்டே இருக்கும்.

சந்தை விழுந்திருந்தால் இந்த விதி நஷ்டத்தில் விற்க வைக்காதா? கணக்கைப் போட்டுப் பார்த்தால் ஒரு சுவாரஸ்யம் தெரியும். அந்த வருடம் ஈக்விட்டி 25% சரிந்து 13.5 லட்சமாகிவிட்டது என்போம். கடன் பக்கம் அதே 7.62 லட்சம். மொத்தம் 21.12 லட்சம், அதில் 60% என்பது 12.67 லட்சம். மாற்ற வேண்டியது வெறும் 83 ஆயிரம். 2020 போல 38% சரிந்திருந்தால் ஈக்விட்டி 11.16 லட்சம்தான் இருக்கும். அது மொத்தத்தில் அறுபது சதவிகிதத்துக்குச் சற்றுக் கீழேயே நிற்கும். அந்த வருடம் விற்க ஒன்றுமே இல்லை. சந்தையே அந்த வேலையைச் செய்து முடித்துவிட்டது. ரூபாயைக் குறிவைக்காமல் சதவிகிதத்தைக் குறிவைப்பதால், ஏறிய வருடத்தில் நிறையவும் விழுந்த வருடத்தில் கொஞ்சமாகவும் விற்பது தானாக நடக்கிறது. மாதம் இவ்வளவு என்று கண்ணை மூடிக்கொண்டு எஸ்.டி.பி போட்டு மாற்றுபவர்களுக்கு இந்த நெளிவு சுளிவு கிடைப்பதில்லை. அவர்கள் வருடத்துக்கு ஒரு முறையாவது விகிதத்தைச் சரிபார்க்க வேண்டும்.

விற்கும்போது வருமான வரித்துறையும் பந்தியில் உட்காரும். ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்த ஈக்விட்டி ஃபண்டில் வரும் லாபம் ஒரு நிதியாண்டில் 1.25 லட்சம் வரை வரியில்லை. அதற்கு மேல் 12.5%. இது 2024 ஜூலை 23 முதல் உள்ள விதி. முதலில் வாங்கிய யூனிட்தான் முதலில் விற்றதாகக் கணக்கு, ஆகவே பழைய, லாபம் கனத்த யூனிட்டுகள்தான் முதலில் வெளியே போகும். மாற்றும் 3.7 லட்சத்தில் லாபம் மட்டும் 2.2 லட்சம் என்று வைத்துக்கொண்டால், ஒரே தடவை விற்றால் 95 ஆயிரத்துக்கு வரி, சுமார் 12 ஆயிரம் ரூபாய். அதே தொகையில் பாதியை மார்ச் கடைசியிலும் மீதியை ஏப்ரல் முதல் வாரத்திலும் விற்றால் லாபம் இரண்டு நிதியாண்டில் பிரிந்துவிடும்; வேறு பங்கு லாபம் எதுவும் இல்லாத வரை வரி இல்லை. நம் தம்பதி ஜூன் என்று எழுதியதை அடித்துவிட்டு ‘மார்ச்–ஏப்ரல்’ என்று திருத்தி எழுதிக்கொள்வது நல்லது. எஸ்.டி.பியும் வரிக் கணக்கில் விற்பனைதான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

சரி, இந்தப் பாதுகாப்புக்கு விலை என்ன? உண்டு. அதைச் சொல்லாமல் இறங்குபாதையைப் புகழ்வது நேர்மையில்லை. ஈக்விட்டி 12%, கடன் 7% என்ற அதே கணக்கில், புதுத் தவணைகளையும் வரியையும் ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், 24 லட்சம் இந்தப் பாதையில் ஆறு வருடத்தில் சுமார் 40 லட்சமாகும். முழுவதையும் ஈக்விட்டிக்கு மாற்றி அப்படியே விட்டால் 47 லட்சத்து 40 ஆயிரம். வித்தியாசம் ஏழு லட்சத்துக்கு மேல். சந்தை கடைசிவரை ஒழுங்காக நடந்துகொண்டால் இந்தத் தம்பதி அந்தப் பணத்தை இழந்தவர்கள்தான். ஆனால் முடிவில் ஒரு 38% சரிவு வந்தால் அந்த 47 லட்சம் 29 லட்சத்து 40 ஆயிரமாக நிற்கும். இவர்களுடையது 40 லட்சமாகவே இருக்கும். எதிர்பாராத ஏழு லட்சத்தை விட்டுக்கொடுத்து, தேவையான பத்து லட்சத்தைக் காப்பாற்றும் பேரம் இது. ஃபீஸுக்கு 40 லட்சம் வேண்டும் என்றால் 47 லட்சம் இருந்து பெரிய உபகாரம் இல்லை. 29 லட்சம் இருந்தால் கல்விக்கடன் வரிசையில் நிற்க வேண்டும்.

இலக்கைத் தள்ளிப்போட முடியுமா என்பதைப் பொறுத்தும் பாதையின் சரிவு மாறும். வீடு வாங்குவதை இரண்டு வருடம் ஒத்திப்போடலாம். கல்லூரியை முடியாது. ஓய்வுக்காலம் இன்னொரு ரகம்: அறுபது வயதில் மொத்தப் பணமும் ஒரே நாளில் செலவாகிவிடாது, அடுத்த இருபத்தைந்து வருடத்துக்கு வேண்டும். ஆகவே அங்கே ஈக்விட்டி பூஜ்யத்துக்குப் போவதில்லை.

அதற்குக் கையருகே உள்ள உதாரணம் தேசிய ஓய்வூதியத் திட்டமான என்.பி.எஸ். அதில் ‘ஆட்டோ சாய்ஸ்’ எடுத்தவர்கள் பலருக்குத் தாங்கள் ஓர் இறங்குபாதையில் போய்க்கொண்டிருப்பதே தெரியாது. எல்.சி.50 என்ற பிரிவில் 35 வயது வரை ஈக்விட்டி 50%. அதன்பின் ஒவ்வொரு பிறந்தநாளிலும் இரண்டிரண்டு சதவிகிதம் குறைந்து 55 வயதில் பத்தில் வந்து நிற்கும். அப்போது அரசுப் பத்திரங்களில் 80%. துணிச்சல்காரர்களுக்கான எல்.சி.75 முதலில் வருடத்துக்கு நான்கு, நாற்பத்தைந்துக்கு மேல் மூன்று, ஐம்பதுக்கு மேல் ஒன்று என்று இறங்கி 55-ல் பதினைந்தில் முடியும். கேக் வெட்டும் நாளில் பின்னால் ஒரு கணினி சத்தமில்லாமல் மாற்றிவிடுகிறது. வீட்டில் விவாதம் கிடையாது. அதன் பலமே அதுதான்.

யாரோ வரைந்த பாதையை நம்பி ஏறுபவர்கள் அது எங்கே கொண்டுபோய் விடும் என்று பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு கசப்பான பாடம் இருக்கிறது. அங்கே ஓய்வுபெறும் ஆண்டைப் பெயரிலேயே தாங்கிய ஃபண்டுகள் உண்டு. ‘2010’ என்ற முத்திரையோடு விற்ற ஃபண்டுகள் 2008-ல், அதாவது இலக்குக்கு இரண்டே வருடம் இருக்கையில், சராசரியாக நான்கில் ஒரு பங்கை இழந்தன. ஒன்று 9% மட்டும் இழந்தது. இன்னொன்று 41% இழந்தது. முத்திரை ஒன்றே, ஆனால் உள்ளே வைத்திருந்த ஈக்விட்டி அளவு ஃபண்டுக்கு ஃபண்ட் வேறு. சிலவற்றின் பாதை 2010-ல் முடிவதாக வரையப்பட்டிருந்தது. சிலவற்றுடையது அதைத் தாண்டிப் பல வருடம் தொடர்வதாக. வாங்கியவர்களுக்கு அந்த வேறுபாடு தெரியவில்லை. 2009 ஜூனில் அந்நாட்டின் பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பும் தொழிலாளர் துறையும் சேர்ந்து பொது விசாரணை நடத்தும் அளவுக்கு அது போனது.

ஈக்விட்டியிலிருந்து இறங்கியாயிற்று, இனி நிம்மதி என்று உட்கார முடியாத ஒரு விஷயம் பாக்கி இருக்கிறது. இறங்கும் தரை உறுதியாக இருக்க வேண்டும். 2020 மார்ச் சரிவு முடிந்து சரியாக ஒரு மாதத்தில், ஏப்ரல் 23 அன்று, ஃபிராங்க்ளின் டெம்பிள்டன் நிறுவனம் தன் ஆறு கடன் திட்டங்களை மூடுவதாக அறிவித்தது. 25,000 கோடி ரூபாய்க்கு மேல் அதில் முடங்கியது. கூடுதல் வட்டிக்காகத் தரம் குறைந்த கம்பெனிகளின் பத்திரங்களை அவை நிறைய வைத்திருந்தன. எல்லோரும் ஒரே சமயத்தில் பணத்தைக் கேட்டபோது அந்தப் பத்திரங்களை வாங்க ஆளில்லை. பணம் பின்னால் தவணை தவணையாகத் திரும்பி வந்தது என்பது உண்மை. முதல் தவணை வந்தது 2021 பிப்ரவரியில். ஜூன் ஃபீஸை நம்பிப் போட்டவருக்கு அது எட்டு மாதத் தாமதம்.

இன்னொரு தவறு, நீண்டகால அரசுப் பத்திர ஃபண்டில் போடுவது. அரசு திருப்பித் தராமல் போகாது. ஆனால் வட்டி விகிதம் ஏறினால் பழைய பத்திரத்தின் விலை இறங்கும். முதிர்வு எவ்வளவு தூரமோ அவ்வளவு ஆட்டம். ஒரு வருடத்தில் வேண்டிய பணத்தைப் பத்து வருடப் பத்திரத்தில் வைப்பது ஒரு குழியிலிருந்து ஏறி இன்னொன்றில் இறங்குவது. கடன் பக்கத்திலும் ஓர் இறங்குபாதை உண்டு என்று இதைப் புரிந்துகொள்ளலாம்: நான்கைந்து வருடம் இருக்கும்போது இலக்கு ஆண்டிலேயே முதிர்வடையும் டார்கெட் மெச்சூரிட்டி ஃபண்ட் அல்லது ஷார்ட் டியூரேஷன் ஃபண்ட், கடைசி ஒன்றரை வருடத்தில் மணி மார்க்கெட், லிக்விட் ஃபண்ட் அல்லது வங்கி டெபாசிட். 2023 ஏப்ரல் முதல் தேதிக்குப் பிறகு வாங்கிய கடன் ஃபண்டின் லாபத்துக்கு அவரவர் வரம்புப்படிதான் வரி என்பதால், வரிக்காக ஃபண்டுக்கு ஓட வேண்டிய அவசியம் இப்போது பெரிதாக இல்லை. டெபாசிட்டே பலருக்குப் போதும். ஒரு வங்கியில் ஒருவருக்கு ஐந்து லட்சம் வரைதான் காப்பீடு என்பதால் பெரிய தொகையைப் பிரித்துப் போட வேண்டியிருக்கும்.

ஈரோட்டுத் தம்பதியின் நோட்டுக்குத் திரும்பினால், அதில் ஒரு திருத்தம் இருக்கிறது. கல்லூரிச் செலவு 40 லட்சம் என்றாலும் அது ஒரே நாளில் கட்டும் பணமில்லை. நான்கு வருடப் படிப்பு. வருடத்துக்குப் பத்து லட்சம். 2032 ஜூனில் வேண்டியது முதல் பத்து லட்சம் மட்டும். கடைசிப் பத்து லட்சத்துக்கு 2035 வரை நேரம் இருக்கிறது. உண்மையில் இவர்களுக்கு இலக்கு ஒன்றில்லை, நான்கு. ஒவ்வொன்றுக்கும் அதே பாதையை வரைந்தால், மகள் கல்லூரிக்குள் நுழையும் நாளில் முதல் இரண்டு வருட ஃபீஸ் முழுக்கக் கடன் பக்கம் இருக்கும். மூன்றாம் வருடத்துக்கானதில் 15 சதவிகிதமும் நான்காம் வருடத்துக்கானதில் 30 சதவிகிதமும் ஈக்விட்டியில் நிற்கலாம். மொத்தத்தில் அது நாலரை லட்சம் ரூபாய். மனைவி கேட்ட ‘இன்னும் ஒரு வருஷம்’ அந்த நாலரை லட்சத்துக்கு மட்டும் கிடைக்கிறது. மீதியில் முதல் பத்து லட்சம், 2031 ஜூனிலிருந்தே மகள் பிளஸ் டூ படிக்கும் வருடம் முழுக்க, ஏழு சதவிகிதத்துக்குப் பக்கத்தில் எதையோ ஈட்டிக்கொண்டு டெபாசிட்டில் கிடக்கும்.